கலவைக் கணக்கு: விகிதத்தை நேர்கோட்டுக்குள் கொண்டுவருதல்

நாமக்கல் வட்டாரத்தில் முட்டைக் கோழிப் பண்ணைகளுக்குத் தீவனம் அரைக்கும் ஆலைகளில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. மக்காச்சோளம், சோயா புண்ணாக்கு, எண்ணெய் எடுத்த அரிசித் தவிடு ஆகியவற்றின் விலை சந்தையில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. கோழிக்குத் தேவையான எரிசக்தியும் புரதமும் மட்டும் மாறுவதில்லை. அந்தத் தேவை குறையாமல், செலவும் மிகக் குறைவாக இருக்க, எந்தப் பொருளை எத்தனை கிலோ சேர்ப்பது? முட்டையின் உற்பத்திச் செலவில் பெரும்பகுதி தீவனத்துக்கே போவதால், கிலோவுக்குச் சில பைசா வித்தியாசம்கூடப் பெரிய பண்ணைக்குக் கணிசமான தொகை.

இதற்குக் கலவைக் கணக்கு என்று பெயர். பெட்ரோல் சுத்திகரிப்பு ஆலையில் பல ஓடைகளைக் கலந்து ஒரு ரகத்தை உருவாக்குவதும் இதே கணக்குதான். 1951-இல் அமெரிக்கப் பொருளியலாளர் ஃபிரடெரிக் வாஹ் கறவை மாட்டுத் தீவனத்துக்கு இக்கணக்கை எழுதினார். 1952-இல் சார்ன்ஸ், கூப்பர், மெலன் ஆகிய மூவரும் விமானப் பெட்ரோல் கலவைக்கு எழுதினார்கள். இரண்டுக்கும் அடிப்படை, ஜார்ஜ் டான்ட்சிக் 1947-இல் வகுத்த சிம்ப்ளெக்ஸ் முறை. செலவும் கட்டுப்பாடுகளும் நேர்கோட்டுச் சமன்பாடுகளாக இருந்தால், மிகக் குறைந்த செலவுள்ள கலவையை அந்த முறை தவறாமல் கண்டுபிடித்துவிடும்.

சிக்கல் அந்த நிபந்தனையில்தான் இருக்கிறது. தரக் கட்டுப்பாடுகள் பெரும்பாலும் விகிதங்களாக வருகின்றன. விகிதம் என்றால் ஒன்றை மற்றொன்றால் வகுப்பது, வகுத்தல் நேர்கோடு அல்ல. அதை நேர்கோடாக மாற்ற ஓர் எளிய வழி இருக்கிறது. அந்த வழி எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று தெரிந்துகொள்வதுதான் இக்கணக்கின் உயிர்நாடி.

மூன்று பொருள்கள், ஒரு மூட்டை

ஓர் எடுத்துக்காட்டை முழுதாகப் போட்டுப் பார்க்கலாம். 100 கிலோ முட்டைக் கோழித் தீவனம் தயாரிக்க வேண்டும். அதில் 10 கிலோ சுண்ணாம்புக்கல், தாது உப்பு, வைட்டமின் கலவை போன்றவற்றுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. முட்டை ஓட்டுக்குக் கால்சியம் தருவது இந்தப் பகுதி. இதில் புரதமோ எரிசக்தியோ குறிப்பிடும்படி இல்லை. மீதி 90 கிலோவை மூன்று பொருள்கள் நிரப்ப வேண்டும். மக்காச்சோளத்தின் அளவை ம என்றும், சோயா புண்ணாக்கின் அளவை ச என்றும், தவிட்டின் அளவை த என்றும் வைத்துக்கொள்வோம். எல்லாம் கிலோவில்.

கணக்குக்காக எடுத்துக்கொண்ட மதிப்புகள் இவை. மக்காச்சோளம் கிலோ 24 ரூபாய், 9 விழுக்காடு புரதம், கிலோவுக்கு 3,350 கிலோகலோரி எரிசக்தி. சோயா புண்ணாக்கு 42 ரூபாய், 46 விழுக்காடு புரதம், 2,300 கிலோகலோரி. தவிடு 15 ரூபாய், 14 விழுக்காடு புரதம், 1,600 கிலோகலோரி. மக்காச்சோளம் சக்தி தரும், சோயா புரதம் தரும், தவிடு விலையைக் குறைக்கும். ஒவ்வொன்றும் ஒரு திசையில் இழுக்கிறது.

முதல் கட்டுப்பாடு எளிது. மூன்றும் சேர்ந்து 90 கிலோ:

ம + ச + த = 90

இரண்டாவது, தீவனத்தில் கிலோவுக்குக் குறைந்தது 2,550 கிலோகலோரி இருக்க வேண்டும். 100 கிலோ மூட்டையில் ஒரு கிலோ மக்காச்சோளம் போட்டால், அது மூட்டையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 33.5 கிலோகலோரி சேர்க்கிறது. அதேபோல் சோயா 23, தவிடு 16 சேர்க்கின்றன. ஆகவே:

33.5ம + 23ச + 16த ≥ 2,550

இதுவரை எல்லாம் கூட்டலும் பெருக்கலும்தான். சிம்ப்ளெக்ஸ் முறை இவற்றை அப்படியே ஏற்கும்.

விகிதம் எதற்கு?

அடுத்த கட்டுப்பாடு புரதம் பற்றியது. “புரதம் குறைந்தது 17 விழுக்காடு” என்று எழுதிவிட்டால் போதாதா? போதாது. காரணம் கோழியின் பசியில் இருக்கிறது. முட்டைக் கோழி ஓரளவுக்குத் தன் எரிசக்தித் தேவையைப் பொறுத்தே தீனி எடுக்கிறது. தீவனத்தில் சக்தி கூடினால் அது குறைவாகத் தின்னும். குறைவாகத் தின்னும்போது புரதமும் குறைவாகவே உள்ளே போகும். அதனால் சக்தி கூடும்போது புரதமும் கூடவே உயர வேண்டும். கோழிக்கு வேண்டியது புரதத்தின் தனி அளவு மட்டுமல்ல, சக்திக்கும் புரதத்துக்கும் உள்ள விகிதமும்கூட.

எனவே கட்டுப்பாடு இப்படி வருகிறது: ஒரு கிலோ தீவனத்தின் கிலோகலோரியைப் புரத விழுக்காட்டால் வகுத்தால் வரும் எண் 150-ஐத் தாண்டக் கூடாது.

(33.5ம + 23ச + 16த) ÷ (0.09ம + 0.46ச + 0.14த) ≤ 150

மேலேயும் கீழேயும் தெரியாத அளவுகள் இருப்பதால் இது நேர்கோடு அல்ல. இந்த இடத்தில் பலருக்கு ஒரு குறுக்கு வழி தோன்றும். ஒவ்வொரு பொருளின் விகிதத்தையும் தனியே கண்டுபிடித்து, எடைக்கு ஏற்பச் சராசரி எடுத்துவிடலாம் என்பது அது. மக்காச்சோளத்தின் விகிதம் 372, சோயாவுக்கு 50, தவிட்டுக்கு 114. இந்தச் சராசரி பார்க்க நேர்கோடாகவே இருக்கும், விடை மட்டும் தவறாக வரும். பின்னால் கிடைக்கப்போகும் சரியான கலவையின் உண்மை விகிதம் 150. அதே கலவைக்கு இந்தச் சராசரி 255 என்று காட்டும். சக்தியும் புரதமும் கலவையில் கூடிச் சேரும், விகிதங்கள் அப்படிக் கூடுவதில்லை.

கீழே இருப்பதை மேலே கொண்டுவருதல்

சரியான வழி, இரு பக்கத்தையும் கீழே உள்ள புரதத்தால் பெருக்குவது:

33.5ம + 23ச + 16த ≤ 150 × (0.09ம + 0.46ச + 0.14த)

வலப்பக்கத்தைப் பெருக்கி, எல்லாவற்றையும் இடப்பக்கம் கொண்டுவந்தால்:

20ம − 46ச − 5த ≤ 0

வகுத்தல் மறைந்துவிட்டது, இப்போது இது நேர்கோடு. தோராயம் எதுவும் இதில் இல்லை. பழைய கட்டுப்பாடும் புதியதும் ஒன்றேதான்.

இந்த மூன்று எண்களுக்கும் தெளிவான பொருள் உண்டு. ஒரு கிலோ மக்காச்சோளம் தன் புரதத்துக்கு அனுமதிக்கப்பட்ட சக்தியைவிட 20 அலகு அதிகமாகக் கொண்டுவருகிறது. அது ஒரு கடன். ஒரு கிலோ சோயா 46 அலகு கடனை அடைக்கிறது, ஒரு கிலோ தவிடு 5 அலகு அடைக்கிறது. கடைசியில் கடன் மிச்சம் இருக்கக் கூடாது. கட்டுப்பாடு சொல்வது அவ்வளவுதான். எண்களைக் கணினியில் ஏற்றும் முன் இப்படி வாசித்துப் பார்ப்பது நல்ல சோதனை. புரதம் மிகுந்த சோயாவுக்குக் கடன் பக்கத்தில் எண் வந்தால், எங்கோ குறி மாறிப்போயிருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

பெருக்கும்போது ஒரு நிபந்தனையை மறக்கக் கூடாது. கீழே இருப்பது எப்போதும் நேர் எண்ணாக இருக்க வேண்டும். அது குறை எண்ணாக இருந்தால், பெருக்கியவுடன் ≤ என்பது ≥ ஆகத் திரும்பிவிடும். புரதத்தில் இந்த அபாயம் இல்லை, மூன்று பொருளிலும் புரதம் இருக்கிறது. ஆனால் தீவனக் கணக்கில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் கூட்டி, அதிலிருந்து குளோரைடைக் கழிக்கும் அயனிச் சமநிலை போன்ற அளவுகளும் வருகின்றன. கழித்தல் உள்ள அப்படியோர் அளவு பூஜ்யத்தைத் தாண்டி இரு பக்கமும் போகலாம். அதைக் கீழே வைத்து விகிதம் அமைத்தால் இந்த மாற்றம் செல்லாது. அங்கே அந்த அளவு நேர் எண்ணாகவே இருக்க வேண்டும் என்று தனிக் கட்டுப்பாடு எழுதிவிட்டுத்தான் பெருக்க வேண்டும்.

விடையும் அதன் வாசிப்பும்

மூன்று கட்டுப்பாடுகளையும் சேர்த்துத் தீர்த்தால் மக்காச்சோளம் 54.52 கிலோ, சோயா 22.27 கிலோ, தவிடு 13.21 கிலோ என்று வருகிறது. மூன்றின் செலவு சுமார் 2,442 ரூபாய். சக்தி சரியாக 2,550, புரதம் 17 விழுக்காடு, விகிதம் சரியாக 150. விடை இரண்டு எல்லைகளையும் தொட்டுக்கொண்டு நிற்கிறது. மிகக் குறைந்த செலவு எப்போதும் எல்லையில்தான் கிடைக்கும் என்பது நேரியல் கணக்கின் இயல்பு.

இந்த விடையில் புரதம் 17 விழுக்காடு என்றே வந்திருப்பதால், விகிதத்துக்குப் பதில் 17 விழுக்காட்டு எல்லையே போதுமே என்று தோன்றலாம். தவிடு கிடைக்காத ஒரு வாரத்தில் வேறுபாடு வெளிப்படும். மக்காச்சோளமும் சோயாவும் மட்டுமே 90 கிலோவை நிரப்ப வேண்டும். 17 விழுக்காடு புரதம் என்ற எல்லையை மட்டும் வைத்தால் மக்காச்சோளம் 65.95, சோயா 24.05 கிலோ, செலவு 2,593 ரூபாய் என்று வரும். ஆனால் சக்தி 2,762 ஆக ஏறியிருக்கும், விகிதம் 162-ஐத் தாண்டியிருக்கும்.

இதைக் கோழியின் பக்கமிருந்து பார்க்க வேண்டும். பழைய தீவனத்தில் நாளுக்கு 110 கிராம் தின்ற கோழிக்கு 280 கிலோகலோரியும் 18.7 கிராம் புரதமும் கிடைத்தன. அதே 280 கிலோகலோரிக்குப் புதிய தீவனத்தில் சுமார் 102 கிராம் போதும். அதில் கிடைக்கும் புரதம் 17.3 கிராம்தான். தீவனச் சீட்டில் 17 விழுக்காடு என்று சரியாகவே இருக்கும், கோழிக்கோ நாளுக்கு 1.4 கிராம் புரதம் குறையும். இந்தக் குறை முதலில் முட்டையின் எடையில் தெரியும். விகிதக் கட்டுப்பாட்டுடன் தீர்த்தால் மக்காச்சோளம் 62.73, சோயா 27.27 கிலோ என்று வரும். புரதம் 18.2 விழுக்காட்டுக்கு உயர்ந்து, கோழிக்கு அதே 18.7 கிராம் போய்ச் சேரும். செலவு 2,651 ரூபாய். கூடுதலான 58 ரூபாய் அந்தப் புரதத்தின் விலை.

பின்னத்தை முழுமையாக்கும்போது

கணினி தரும் 54.52 கிலோவை ஆலையின் தராசில் அப்படியே நிறுப்பதில்லை, ஒரு தசமத்துக்குச் சுருக்குவார்கள். 54.5, 22.3, 13.2 என்று சுருக்கினால் சக்தி 2,549.85 ஆகி எல்லைக்குச் சற்றுக் கீழே போகிறது. அதைச் சரிசெய்ய மக்காச்சோளத்தை 54.6 ஆக்கித் தவிட்டை 13.1 ஆகக் குறைத்தால் சக்தி நிறைகிறது, ஆனால் கடன் கணக்கில் 0.7 மிச்சம் வந்து விகிதம் மீறுகிறது. 54.6, 22.4, 13.0 என்று வைத்தால் இரண்டும் நிறைகின்றன. செலவு 2,446 ரூபாய், நான்கு ரூபாய் கூடுதல். எல்லையைத் தொட்டு நிற்கும் விடையை எந்தப் பக்கம் சுருக்கினாலும் ஏதோ ஒரு கட்டுப்பாடு உடையலாம். சுருக்கிய எண்களைத் திரும்பக் கட்டுப்பாடுகளில் போட்டுப் பார்க்காமல் விடக் கூடாது.

இதைவிடப் பெரிய காரணமும் ஒன்று உண்டு. 9 விழுக்காடு புரதம் என்பது மக்காச்சோளத்தின் சராசரி. ஒரு லாரியில் 8.6 இருக்கும், இன்னொன்றில் 9.3 இருக்கும். ஈரப்பதமும் மாறும். சராசரியை வைத்து எல்லையில் கொண்டுபோய் நிறுத்திய கலவை, ஏறக்குறையப் பாதித் தடவை எல்லைக்குக் கீழே விழும். அதனால் ஆய்வுக்கூட முடிவுகள் எவ்வளவு சிதறுகின்றன என்று பார்த்து, எல்லையைச் சிறிது இறுக்கி வைத்துக் கணக்கிடுவது வழக்கம்: 150-க்குப் பதில் 147 என்பதைப் போல.

அப்படி இறுக்குவதற்கு என்ன செலவு என்பதையும் இதே கணக்கு சொல்லும். ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் தீர்வோடு ஒரு நிழல் விலை வருகிறது. எல்லையை ஓர் அலகு நகர்த்தினால் செலவு எவ்வளவு மாறும் என்பது அதன் பொருள். நமது விகிதக் கட்டுப்பாட்டின் நிழல் விலை சுமார் 0.46 ரூபாய். விகிதத்தை 150-லிருந்து 151 ஆக்கினால் 46 பைசா மிச்சம் என்று இதை வாசித்தால் தவறு. பெருக்கி மாற்றி எழுதிய பின் வலப்பக்கத்தில் இருப்பது பூஜ்யம். 0.46 என்பது அந்தப் பூஜ்யத்தை ஓர் அலகு நகர்த்துவதற்கான விலை. 150 என்ற எண் இப்போது இடப்பக்கக் கெழுக்களுக்குள் போய்விட்டது. அதை ஓர் அலகு மாற்றினால் கட்டுப்பாடு புரதத்தின் அளவுக்கு, அதாவது 17 அலகு தளரும். ஆகவே உண்மையான மிச்சம் 0.46 × 17, ஏறக்குறைய 7 ரூபாய் 80 பைசா. 151 வைத்து மறுபடி தீர்த்துப் பார்த்தாலும் ஏறக்குறைய அதே தொகைதான் வருகிறது. எதனால் பெருக்கினோமோ அதை விலையை வாசிக்கும்போதும் நினைவில் வைக்க வேண்டும்.

பெட்ரோலில் வரும் வேறு வளைவு

பெட்ரோல் கலவையிலும் இதே உத்தி பயன்படுகிறது. தயாராகும் ரகத்தின் மொத்த அளவே அங்கே தெரியாத எண்ணாக இருக்கும். எந்த ரகத்தை எவ்வளவு தயாரிப்பது என்பதையும் கணக்கே முடிவு செய்யும். ஒரு ரகத்தின் தரம், ஓடைகளின் தரத்தைக் கொள்ளளவுக்கு ஏற்ப எடுத்த சராசரி என்று கொண்டால், மொத்தக் கொள்ளளவால் பெருக்கி வகுத்தலை நீக்கிவிடலாம். ஒவ்வோர் ஓடையும் எல்லையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதே அதன் கெழுவாகிவிடும். ஒரு ரகம் தயாரிக்கவே இல்லை என்றாலும் கட்டுப்பாடு பூஜ்யம் ≤ பூஜ்யம் என்று நிறைவடையும். விகிதமாகவே விட்டிருந்தால் அங்கே பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்க நேர்ந்திருக்கும்.

ஆனால் பெட்ரோலின் சில தரங்கள் சராசரியாகக் கலப்பதே இல்லை. ஆவியழுத்தம் அப்படிப்பட்டது. பெட்ரோல் எவ்வளவு எளிதாக ஆவியாகும் என்பதைக் காட்டும் அளவு இது. எல்லை 60 கிலோபாஸ்கல் என்று வைத்துக்கொள்வோம். கையில் 40 கிலோபாஸ்கல் ஓடை ஒன்றும் 100 கிலோபாஸ்கல் ஓடை ஒன்றும் இருக்கின்றன. சராசரிக் கணக்குப்படி இரண்டாவது ஓடையை 33 விழுக்காடு வரை சேர்க்கலாம். உண்மையில் அப்படிச் சேர்த்தால் அழுத்தம் 61.6 அளவுக்குப் போய் எல்லையைத் தாண்டும்.

இதற்கு ஆலைகளில் குறியீட்டெண் ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். ஆவியழுத்தத்தை 1.25 என்ற அடுக்குக்கு உயர்த்தினால் கிடைக்கும் எண் கொள்ளளவுச் சராசரிக்கு ஏறக்குறையக் கட்டுப்படுகிறது. 40-இன் குறியீடு 100.6, 100-இன் குறியீடு 316.2, எல்லையான 60-இன் குறியீடு 167. கட்டுப்பாட்டைக் குறியீட்டில் எழுதினால் அது மறுபடி நேர்கோடாகிவிடும், இரண்டாவது ஓடைக்கு 30.8 விழுக்காடுதான் இடம் என்று விடை வரும். தீவனத்தில் செய்த மாற்றம் முழுத் துல்லியமானது. இது அப்படியல்ல, அனுபவத்தில் கிடைத்த தோராயம். எத்தனாலுக்கு இந்தத் தோராயமும் பொருந்தாது. தனியாக எடுத்தால் எத்தனாலின் ஆவியழுத்தம் பெட்ரோலைவிட மிகக் குறைவு. பெட்ரோலில் சிறிதளவு சேர்த்தால் கலவையின் அழுத்தம் குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது. அதனால் எத்தனால் சேர்க்கும் பெட்ரோலுக்கு அடிப்படைக் கலவையையே தனி எல்லை வைத்துத் தயாரித்து, ஆய்வுக்கூட அளவீட்டோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எங்கே முடிகிறது

இந்த வழி அடியோடு நின்றுபோகும் இடமும் உண்டு. இதுவரை ஒவ்வோர் ஓடையின் தரமும் முன்கூட்டியே தெரிந்த எண். இரண்டு ஓடைகள் ஒரே தொட்டியில் கலந்து, அந்தத் தொட்டியிலிருந்து இரு ரகங்களுக்குப் போனால், தொட்டியின் தரமும் தெரியாத எண்ணாகிவிடும். அதை வெளியே போகும் அளவால் பெருக்க வேண்டும். தெரியாததைத் தெரியாததால் பெருக்குவது எந்தப் பக்கம் மாற்றி எழுதினாலும் நேர்கோடாகாது.

ஹாவர்லி என்பவர் 1978-இல் வெளியிட்ட சிறு எடுத்துக்காட்டு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. அதில் 3 விழுக்காடு கந்தகமுள்ள மலிவான எண்ணெயும் 1 விழுக்காடு கந்தகமுள்ள விலை கூடிய எண்ணெயும் ஒரே தொட்டிக்குள் போகின்றன. 2 விழுக்காடு கந்தகமுள்ள மூன்றாவது எண்ணெய் நேராகக் கலவைக்குப் போகிறது. தயாராக வேண்டிய ரகங்கள் இரண்டு. தொட்டியின் கந்தகத்தை 3 என்று ஊகித்து நிறுத்திக்கொண்டு தீர்த்தால் 100 அலகு லாபம் வரும். அந்த இடத்தின் அருகே எந்தச் சிறு மாற்றம் செய்தாலும் லாபம் கூடாது. அதனால் அதுவே சிறந்த விடை என்று தோன்றும். ஆனால் தொட்டியில் விலை கூடிய எண்ணெயை மட்டும் நிரப்பி, மற்ற ரகத்தைத் தயாரித்தால் லாபம் 400. ஊகித்துத் தீர்த்து, திருத்தி மறுபடி தீர்க்கும் முறைகள் முதல் விடையிலேயே நின்றுவிடக்கூடும்.

ஆகவே ஒரு கலவைக் கணக்கைக் கையில் எடுத்தவுடன் மூன்றைப் பார்க்க வேண்டும். விகிதத்தின் கீழே இருப்பது எப்போதும் நேர் எண்ணா? மேலேயும் கீழேயும் உள்ள அளவுகள் உண்மையிலேயே கூடிச் சேர்பவையா, இல்லை என்றால் அவற்றுக்கு நம்பகமான குறியீட்டெண் உண்டா? பொருள்களின் தரங்கள் முன்கூட்டியே தெரிந்தவையா? மூன்றுக்கும் ஆம் என்றால் பெருக்கி எழுதி நேர்கோடாக்கிவிடலாம், சிம்ப்ளெக்ஸ் தரும் விடையை நம்பலாம். மூன்றாவதற்கு இல்லை என்று விடை வந்தால், முழுப் பரப்பையும் தேடிப் பார்த்து மிகச் சிறந்தது இதுவே என்று உறுதி சொல்லும் வேறு வகைத் தீர்வு முறை வேண்டும்.